பக்கவாட்டில் அச்சான அட்டவணையை நிமிர்த்தி எழுதுதல்

நெட்டுவாக்கிலான புத்தகப் பக்கத்தில் அகலமான அட்டவணை அடங்காதபோது, அச்சகத்தார் அதைக் கால் வட்டம் திருப்பிப் படுக்கவைத்து அச்சிடுவது வழக்கம். இத்தகைய பக்கத்தை ஒளிப்படமாக எடுத்து, அதிலுள்ள எண்களைத் திரும்பவும் நேராக நிற்கும் அட்டவணையாக மாற்றுவதே இங்கு விளக்கப்படுகிறது. படத்தைத் திருப்புவது ஒரு நொடி வேலை. ஆனால் திருப்பிய பிறகு ஓர் ஊரின் எண் அடுத்த ஊரின் பெயருக்கு நேராகப் போய் உட்கார்ந்துவிட்டால், அதை யாரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. இந்த வேலையின் கடினமான பகுதி அதுதான்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் அதிகம் எழும் நூல்களுள் ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாவட்டந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்புக் கையேடு. பரமத்தி வேலூர் வட்டத்திலுள்ள ஒரு சிற்றூரில் 2011இல் எத்தனை பேர் இருந்தனர், எத்தனை பேர் எழுத்தறிந்தவர்கள், எத்தனை பேர் வேலை செய்தனர் என்று அறிய விரும்பும் மாணவர் நாமக்கல் மாவட்டக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 சனவரி 1 அன்று. எனவே 1991ஆம் ஆண்டுக்கோ 1981ஆம் ஆண்டுக்கோ உரிய எண் வேண்டுமென்றால் சேலம் மாவட்டக் கையேட்டுக்குப் போக வேண்டும். பழைய கையேடுகள் பெரும்பாலும் நூலக அலமாரியில் கட்டுக் குலைந்த நிலையில் கிடைப்பவை. நகலெடுக்கும் இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் தாள் உடைந்துவிடும். ஆகவே கைப்பேசியில் படமெடுப்பதே நடைமுறையில் உள்ள வழி.

இந்தக் கையேடுகளில் ஊர்வாரியாக அமைந்த பட்டியலுக்கு முதனிலைக் கணக்கெடுப்புச் சுருக்கம் என்று பெயர். குடும்பங்களின் எண்ணிக்கை, மொத்த மக்கள், ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், வேலை செய்வோர் என்று நீண்டு, வேலை செய்யாதோரில் முடியும். குடும்பங்களின் எண்ணிக்கையைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் மொத்தம், ஆண், பெண் என மூன்று நிரல்கள் இருக்கும். இவ்வளவும் ஒரே வரிசையில் வர வேண்டுமென்றால் அட்டவணை அகலமாகத்தான் இருக்கும். இக்கட்டுரையில் குறுக்கே ஓடுவது வரிசை எனவும், மேலிருந்து கீழே இறங்குவது நிரல் எனவும் குறிக்கப்படுகிறது.

== எந்தப் பக்கம் திருப்புவது ==

அச்சு மரபின்படி, படுக்கவைத்த அட்டவணையின் தலைப்பகுதி பக்கத்தின் இடது ஓரத்தில் இருக்கும். எழுத்துகள் கீழிருந்து மேலாக ஓடும். படிப்பவர் புத்தகத்தை வலப்புறமாக, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், கால் வட்டம் திருப்பினால் அட்டவணை நேராகும். இடப்பக்கத் தாளுக்கும் வலப்பக்கத் தாளுக்கும் இதே மரபுதான். ஒவ்வொரு தாளுக்கும் புத்தகத்தை வெவ்வேறு பக்கமாகத் திருப்ப நேரக்கூடாது என்பது அதன் நோக்கம்.

இதனால் படமெடுக்கும்போது ஒரு விளைவு உண்டு. வலப்பக்கத் தாளில் இடது ஓரம் என்பது புத்தகத்தின் தையல் பக்கம். அட்டவணையின் தலைப்பும் நிரல் பெயர்களும் தையலின் வளைவிலும் நிழலிலும் மாட்டிக்கொள்ளும். இடப்பக்கத் தாளில் தலைப்பு வெளி ஓரத்தில் தெளிவாக இருக்கும். தையலுக்குள் போவது கடைசி வரிசைகள். பெரும்பாலும் கூட்டுத்தொகை வரிசை அங்கேதான் இருக்கும். எந்தத் தாளில் எது மறையும் என்று முன்பே தெரிந்தால், அந்த ஓரத்தை மட்டும் தாளை மெல்ல விரித்துப் பிடித்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் மறுபடியும் நூலகத்துக்குப் போக வேண்டியதுதான்.

மரபை மீறிய அச்சும் உண்டு என்பதால், திருப்பிய பின் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. தமிழ் எழுத்து இருந்தால் இது மிக எளிது. மெய்யெழுத்தின் புள்ளி எப்போதும் எழுத்தின் தலைக்கு மேல்தான் நிற்கும். புள்ளி கீழே தொங்கினால் படம் தலைகீழ். ஆங்கிலத்தில் அச்சான பக்கத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்தாலே போதும். வெறும் எண்கள் மட்டும் உள்ள துண்டுப் படத்தில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். 0, 8 இரண்டும் தலைகீழாகவும் அப்படியே தெரியும். 6 தலைகீழானால் 9, 9 தலைகீழானால் 6. அத்தகைய படத்தில் 4, 7 ஆகிய இலக்கங்களையும், காற்புள்ளி எண்ணின் காலடியில் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கணினி நிரல்கள் அடிக்கடி தடுமாறும் இடம் வேறொன்று. நிரல் குறுகலாக இருந்தால் அதன் பெயரை அட்டவணைக்குள்ளேயே செங்குத்தாக, கீழிருந்து மேலாக அச்சிடுவார்கள். அட்டவணை ஏற்கெனவே கால் வட்டம் திரும்பியிருக்கிறது; பெயர் இன்னொரு கால் வட்டம் திரும்பியிருக்கிறது. ஆக, புத்தகத்தை நேராகப் பிடித்துப் பார்த்தால் அந்த நிரல் பெயர்கள் தலைகீழாகத் தெரியும். ஒரே பக்கத்தில் எண்கள் ஒரு திசையிலும், நிரல் பெயர்கள் ஒரு திசையிலும், பக்க எண் மற்றொரு திசையிலும் இருப்பதால், தானாகத் திசை கண்டறியும் நிரல் எதை நம்புவது என்று தெரியாமல் தவறான விடை தரலாம். மனிதர் முடிவு செய்து திருப்புவதே பாதுகாப்பு. பக்க எண்ணைப் பொறுத்தவரை, படம் நேரான பிறகு அது அட்டவணையின் ஓரத்தில் படுத்துக் கிடக்கும். அதை ஒரு கட்டத்தின் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

== படம் எடுப்பதில் கவனிக்க வேண்டியவை ==

மேசை மேல் உள்ள புத்தகத்துக்கு நேர் மேலே கைப்பேசியைத் தரைக்கு இணையாகப் பிடிக்கும்போது, கைப்பேசிக்கு எது மேல், எது கீழ் என்பது உறுதியாகத் தெரியாது. அது ஓர் ஊகம் செய்து, அதைப் படக்கோப்புக்குள் `Orientation` என்ற குறிப்பாக எழுதிவைக்கிறது. படம் காட்டும் செயலி அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டும். வேறு நிரல் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். கைப்பேசியில் நேராகத் தெரிந்த படம் கணினியில் சாய்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம். முதலில் அந்தக் குறிப்பின்படி படத்தை உண்மையிலேயே திருப்பிச் சேமித்துவிட்டு, பிறகு தேவையான கால் வட்டத்தைத் திருப்பினால் குழப்பம் வராது.

விரித்த இரு பக்கங்களையும் ஒரே படத்தில் எடுக்கும் ஆசையை அடக்குவது நல்லது. நீளப்பக்கத்தில் 4000 புள்ளிகள் தரும் கைப்பேசியால் 29.7 செ.மீ. நீளமுள்ள ஏ4 தாளை முழுதாக எடுத்தால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 புள்ளிகள் கிடைக்கும். அதே கைப்பேசியால் 42 செ.மீ. அகல விரிப்பை எடுத்தால் 240 புள்ளிகள்தான். எழுத்துணரி நிரல்களுக்கு 300 புள்ளிகள் இருப்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல். சிறிய எழுத்தில் அச்சான கையேட்டில் 3-உம் 8-உம் பிரிந்து தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது சாய்வு. அட்டவணையின் அகலம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். படம் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும், வரிசையின் இடது முனைக்கும் வலது முனைக்கும் இடையே ஏறத்தாழ 4.4 மி.மீ. ஏற்ற இறக்கம் வரும். சிறிய எழுத்துப் பட்டியலில் ஒரு வரிசையின் உயரமே 4 மி.மீ. அளவுதான். அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகைச் சாய்வு, ஊர்ப்பெயரை ஒரு வரிசையிலும் அதன் கடைசி எண்ணை அடுத்த வரிசையிலும் வைத்துவிடப் போதுமானது. வரிசைகளுக்கு இடையே கோடு போடாத பட்டியல்களில் இந்தத் தவறு சாதாரணமாக நேர்கிறது.

கணினியில் செய்வோர் பயன்படுத்தும் இலவச நிரல்களில் இரண்டு இங்கே போதும். முதல் கட்டளை குறிப்பின்படி படத்தைத் திருப்பி, வலப்புறம் கால் வட்டம் சுழற்றி, சிறு சாய்வையும் நீக்குகிறது. இரண்டாவது கட்டளை எழுத்தையும் எண்ணையும் படித்து, ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே இருக்கிறது என்ற அளவுகளோடு தருகிறது.

```
magick photo.jpg -auto-orient -rotate 90 -deskew 40% upright.png
tesseract upright.png out -l tam+eng --psm 6 tsv
```

தாள் வளைந்திருந்தாலோ, கைப்பேசியைச் சரித்துப் பிடித்திருந்தாலோ `-deskew` உதவாது. அது முழுப் படத்தையும் ஒரே அளவு திருப்பும். தையல் ஓரத்தில் மட்டும் வளைந்த வரிசையை அதனால் நிமிர்த்த முடியாது. அத்தகைய பக்கத்தைப் பொறுமையாகக் கண்ணால் படித்துத் தட்டச்சு செய்வதே பல நேரங்களில் விரைவான வழி.

== சுழற்றுவது வேறு, மாற்றி அடுக்குவது வேறு ==

படத்தைத் திருப்பாமல், பக்கத்தை நேராக வைத்துக்கொண்டே எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு, பின்னர் விரிதாளில் வரிசைகளையும் நிரல்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. பள்ளிக் கணக்கில் வரும் நிரை நிரல் மாற்று அணி போன்றது அது. ஆனால் படுத்த அட்டவணைக்கு அது சரியாக வராது. அ, ஆ, இ என்ற மூன்று ஊர்களைக் கொண்ட ஒரு பயிற்சி அட்டவணையைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. தலைப்புகளை விட்டுவிட்டு, புத்தகத்தை நேராகப் பிடித்தால் கட்டங்கள் இப்படி அமைந்திருக்கும்:

```
 939    775   1374
1207   1120   1694
1063    957   1522
1083    938   1546
2146   1895   3068
  அ      ஆ      இ
```

இங்கே இடமிருந்து வலமாக நகர்ந்தால் ஊர் மாறுகிறது. கீழிருந்து மேலாக ஏறினால் நிரல் மாறுகிறது. வலப்புறம் கால் வட்டம் சுழற்றினால் உண்மையான அட்டவணை கிடைக்கும்:

```
ஊர்  மொத்தம்   ஆண்   பெண்  வேலை செய்வோர்  செய்யாதோர்
அ      2146   1083   1063       1207           939
ஆ      1895    938    957       1120           775
இ      3068   1546   1522       1694          1374
```

வெறுமனே மாற்றி அடுக்கினால் முதல் வரிசை 939, 1207, 1063, 1083, 2146, அ என்று வரும். நிரல்கள் எல்லாம் பின்னிருந்து முன்னாக, ஊர்ப்பெயர் கடைசியில். அதன்மேல் நிரல் பெயர்களைச் சரியான வரிசையில் ஒட்டிவிட்டால், வேலை செய்யாதோர் எண்ணிக்கை மொத்த மக்களாகிவிடும். ஊர்ப்பெயர் எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தாலே இது பிடிபடும். இத்தகைய கையேடுகளில் நிரல் பெயர்களுக்குக் கீழே 1, 2, 3 என்று நிரல் எண்கள் அச்சாகியிருப்பதும் உண்டு. அவற்றையும் விடாமல் தட்டச்சு செய்துகொண்டால் திசை தவறியது உடனே தெரியும்.

இன்னொரு மயக்கம் எதிரெதிர்ப் பக்கங்களில் வருகிறது. விரித்த புத்தகத்தை வலப்புறம் திருப்பினால் இடப்பக்கத் தாள் மேலேயும் வலப்பக்கத் தாள் கீழேயும் வரும். பார்ப்பவருக்குக் கீழ்த்தாள் மேல்தாளின் தொடர்ச்சியான ஊர்கள் போலத் தோன்றும். ஆனால் நிரல்கள் மிகுந்த பட்டியலில் கீழ்த்தாளில் இருப்பது அதே ஊர்களின் மீதி நிரல்களாக இருக்கலாம். வரிசை எண்ணைப் பார்த்தால் ஐயம் தீரும். 1-இலிருந்து மீண்டும் தொடங்கினால் அது பக்கவாட்டில் சேர்க்க வேண்டியது. விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தால் கீழே சேர்க்க வேண்டியது.

== கூட்டிப் பார்த்துச் சரிபார்த்தல் ==

மக்கள்தொகைப் பட்டியலின் நல்ல குணம், அதன் எண்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் என்பது. ஆணும் பெண்ணும் கூடினால் மொத்தம் வர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நாமக்கல் மாவட்டத்தின் ஆண்கள் 8,69,280, பெண்கள் 8,57,321, மொத்தம் 17,26,601. கூட்டினால் சரியாக வருகிறது. இப்போது முதல் 8 மங்கலாகி 3,69,280 என்று படிக்கப்பட்டிருந்தால் கூட்டுத்தொகை 12,26,601 ஆகி, 5,00,000 குறையும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் 5 வேறுபாடு வந்தால் 8-ஐ 3 என்று படித்திருக்கலாம் என்று முதலில் ஐயுற வேண்டும். தட்டச்சு செய்பவர் 69-ஐ 96 என்று மாற்றிப் போட்டால் 27,000 வேறுபடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு எப்போதும் 9ஆல் வகுபடும். பேரேடு எழுதிய பழைய கணக்குப்பிள்ளைகள் அறிந்த சூத்திரம் இது.

பயிற்சி அட்டவணைக்குத் திரும்புவோம். அ ஊரின் ஆண்கள் 1083 என்பது 1033 என்று வந்திருந்தால், அந்த வரிசையில் 50 குறையும். ஆண் நிரலின் கூட்டுத்தொகை 3567 ஆக இருக்க வேண்டியது 3517 ஆகி, அங்கும் 50 குறையும். குறைந்த வரிசையும் குறைந்த நிரலும் வெட்டும் கட்டத்தில்தான் பிழை. படத்தில் அந்த ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

ஆனால் இந்தச் சோதனை கண்டுகொள்ளாத பிழை ஒன்று உண்டு. சாய்வினால் வலப்பாதி முழுவதும் ஒரு வரிசை நழுவியது என்று வைத்துக்கொள்வோம். ஆ ஊரின் வேலை செய்வோர், செய்யாதோர் எண்கள் அ ஊருக்குப் போய்விட்டன. இ ஊரின் எண்கள் ஆ ஊருக்குப் போய்விட்டன. ஆண், பெண், மொத்தம் மூன்றும் இடப்பாதியில் இருப்பதால் அவை சரியாகக் கூடும். கீழே உள்ள நிரல் கூட்டுத்தொகையிலும் பெரும்பாலும் மாற்றம் இருக்காது. ஒரே எண்கள்தானே இடம் மாறியிருக்கின்றன. எல்லாக் கூட்டலும் சரியாக வந்த அட்டவணையில் ஊர்கள் மட்டும் தவறாக இருக்கும்.

இதைப் பிடிக்க, வரிசையின் இடது முனையையும் வலது முனையையும் இணைக்கும் ஒரு கூட்டல் தேவை. வேலை செய்வோரும் செய்யாதோரும் சேர்ந்தால் மொத்த மக்கள் வர வேண்டும் என்பது அத்தகையது. மொத்தம் இடது தொடக்கத்தில், செய்யாதோர் வலது கடைசியில். அ ஊருக்கு 1207 + 939 = 2146; சரி. நழுவிய அட்டவணையில் 1120 + 775 = 1895 என்று வரும். இந்த 1895 என்பது ஆ ஊரின் மொத்தம். கூட்டுத்தொகை தவறாக வந்து, அந்தத் தவறான எண் பக்கத்து ஊரின் மொத்தத்தோடு அப்படியே ஒத்துப்போனால், இலக்கம் எதுவும் பிழையாகப் படிக்கப்படவில்லை, வரிசைதான் நழுவியது என்று உறுதியாகச் சொல்லலாம். விரிதாளில் மொத்தம் `B`, செய்வோர் `E`, செய்யாதோர் `F` நிரலில் இருந்தால், `=B2-E2-F2` என்ற வாய்பாட்டை எல்லா வரிசைக்கும் இழுத்துவிட்டு, 0 அல்லாதவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

நழுவலுக்குச் சாய்வு மட்டுமே காரணமன்று. மக்கள் குடியிராத ஊருக்கு எண்களுக்குப் பதிலாக ஒரே சொல் வரிசை முழுவதும் பரவி நிற்கும். எழுத்துணரி நிரல் அந்த வரிசையை விட்டுவிட்டால் கீழுள்ளவை எல்லாம் மேலே ஏறிவிடும். அதுபோல, சிறு கோடு போட்ட கட்டத்தை அது வெற்றிடமாக எண்ணித் தாண்டினால், அதற்குப் பின்னுள்ள எண்கள் ஒரு நிரல் இடப்புறம் நகரும். கோட்டைக் கோடாகவே எழுத வேண்டும். அதை 0 என்று மாற்றுவது தட்டச்சு செய்பவரின் வேலையன்று. சில பட்டியல்களில் கோடு என்பது இல்லை என்றும், சிலவற்றில் விவரம் கிடைக்கவில்லை என்றும் பொருள்படும். 17,26,601 போன்ற எண் காற்புள்ளி இருக்குமிடத்தில் உடைந்து மூன்று கட்டங்களாகச் சிதறுவதும் அடிக்கடி நேர்வது. விரிதாளில் காற்புள்ளி இல்லாமல் எழுதிக்கொள்வது நலம்.

== பெயர்களும் மறைந்த கட்டங்களும் ==

ஆங்கிலத்தில் அச்சான கையேட்டிலுள்ள ஊர்ப்பெயர்களை உடனே தமிழாக்கிவிடக் கூடாது. பரமத்தி வேலூரே இதற்குச் சான்று. ஆங்கிலத்தில் Velur என்றும் Vellore என்றும் வேறாக எழுதப்படும் இரண்டு ஊர்களும் தமிழில் வேலூர்தான். ஒன்று காவிரிக்கரையில் உள்ள பேரூராட்சி. மற்றது பாலாற்றங்கரையில் உள்ள மாநகரம். அச்சில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு நிரலிலும், தமிழ்ப் பெயரைத் தனி நிரலிலும் வைத்து, 2011 கையேட்டிலுள்ள ஊர்க் குறியீட்டு எண்ணையும் சேர்த்துக்கொண்டால் பின்னர் ஒப்பிடுவோருக்கு ஐயம் எழாது. பொத்தனூர், பாண்டமங்கலம், வெங்கரை, பரமத்தி போன்ற பேரூராட்சிகள் சிற்றூர்களின் வரிசையில் வராமல் நகர்ப்புறப் பகுதியில் தனியாக வரும். அவற்றைச் சிற்றூர்ப் பட்டியலில் தேடிவிட்டுப் பக்கம் விடுபட்டதாக எண்ண வேண்டியதில்லை.

தையலுக்குள் மறைந்த கட்டத்தைக் கணக்கால் மீட்க முடியும். மொத்தம் 1895, பெண் 957 என்று தெரிந்தால் ஆண் 938. ஆனால் இப்படிக் கிடைத்த எண்ணை, படித்தெடுத்த எண்ணைப் போலவே எழுதக் கூடாது. நிறத்தாலோ உடுக்குறியாலோ வேறுபடுத்திக் காட்ட வேண்டும். கணக்கால் நிரப்பிய கட்டம் அதே கணக்குச் சோதனையில் எப்போதும் தேறிவிடும் என்பதால், அதில் பிழை இருந்தால் பிறகு அந்தச் சோதனையால் பிடிக்க முடியாது. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்கள் மறைந்து, வேறு கூட்டலும் கைகொடுக்காவிட்டால், அவற்றை வெற்றிடமாக விட்டு "படிக்க இயலவில்லை" என்று குறிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சில வேளைகளில் படம் தெளிவாக இருந்தும் கூட்டல் சரிவராது. அப்போது அச்சிலேயே பிழை இருக்கலாம். அட்டவணையில் அச்சிலுள்ள எண்ணையே எழுதி, கூட்டினால் எவ்வளவு வருகிறது என்பதை அடிக்குறிப்பில், பக்க எண்ணுடன் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டவணைக்குள்ளே திருத்திவிட்டால், மூல நூலோடு ஒப்பிடும் அடுத்தவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று எண்ணி மீண்டும் பழைய எண்ணுக்கே மாற்றிவிடுவார்.